போன வருட வழிகாட்டியை நம்பி இந்த வருட விழாவுக்குக் கிளம்பாதீர்கள்

சென்னையில் இருக்கும் எங்கள் வட்டார மக்கள் சங்கம் ஒன்று வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் ஒரு குடும்ப விழா நடத்துகிறது. குடும்ப பாஸுக்குப் பணம் கட்டினால் மதியச் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் போட்டிகள், அப்புறம் இலவச பார்க்கிங். சென்ற தை மாதம் நாங்களும் போனோம். சாப்பாட்டில் குறையில்லை. இடத்துக்குப் போய்ச் சேர வழி சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ்தான் எங்களை அலைக்கழித்தது. அதே நோட்டீஸ் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு இப்போது மறுபடி சுற்றுவதால் இதை எழுதுகிறேன்.

தேதி, ஒரு மேப் லிங்க், ஒரு ஃபோன் எண் தவிர நோட்டீஸில் இருந்தது இவ்வளவுதான்: "இடம்: நந்தனம், அண்ணா சாலை. நுழைவு: வாயில் 2. பார்க்கிங் வசதி உண்டு. அருகில் உள்ள பேருந்து நிறுத்தம்: நந்தனம். வெளியூர் அன்பர்கள் கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோவில் வரலாம்."

அந்தக் கடைசி வரி பழசு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டு, அடுத்த சில வாரங்களில் தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் படிப்படியாக அங்கே மாறிவிட்டன. தஞ்சாவூரிலிருந்து வந்த என் சித்தப்பா குடும்பத்தை விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். நோட்டீஸை நம்பி அங்கிருந்து கோயம்பேட்டுக்கு மாநகரப் பேருந்து பிடித்து, மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் ரயில் மாறி நந்தனம் வந்தார்கள். ஊரையே சுற்றிய பயணம் அது. கிளாம்பாக்கத்திலிருந்து ஜிஎஸ்டி சாலை வழியாக கிண்டி வரை பேருந்தில் வந்து, அங்கே மெட்ரோ ஏறியிருந்தால் சின்னமலை, சைதாப்பேட்டை, அடுத்தது நந்தனம். ரயில் மாறவே வேண்டாம். முட்டி வலியோடு சித்தி அத்தனை படிகள் ஏறி இறங்கியதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நாங்கள் காரில் சைதாப்பேட்டைப் பக்கமிருந்து போனோம். விழா நடந்த மைதானம் இருப்பது, அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை நோக்கிப் போகும் வண்டிகளுக்கு இடது கையில். எதிர்த் திசையில் வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். தேனாம்பேட்டை - சைதாப்பேட்டை மேம்பால வேலை 2024-ல் தொடங்கியதிலிருந்து அண்ணா சாலையில் நினைத்த இடத்தில் திரும்பவும் முடிவதில்லை. "வாயில் 2" என்று எழுதியவர்கள் அது எந்தச் சாலையில், எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டாமா?

நோட்டீஸில் இருந்த மேப் லிங்க்கும் உதவவில்லை. அது வாயிலில் வைத்த புள்ளி இல்லை, மைதானத்தின் பெயர். பெரிய இடத்தின் பெயரைத் தேடினால் மேப் பெரும்பாலும் அதன் நடுவில் புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளிக்குக் கிட்டே இருக்கும் சாலைக்கு வழி சொல்லும். எங்களை ஒரு சந்துக்குள் கொண்டுபோய், மதில் சுவர் முன்னால் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கில் பேசுவது கேட்கிறது, உள்ளே போக வழி இல்லை.

ஒருவழியாக வாயிலைக் கண்டுபிடித்தால், அங்கே நின்ற பையன், "அண்ணா, இது விஐபி வண்டிக்கு மட்டும்தான், நீங்க வெளிய போட்டுக்கங்க" என்றான். பாஸைக் காட்டினேன். "எங்ககிட்ட அப்படித்தான் சொல்லிருக்காங்க அண்ணா" என்றான், பாவம். நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. அது பொருளாளரின் எண், அவர் மேடையில் இருந்தார். சாலையோரத்தில் ஒருவர் ரசீது இல்லாமல் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இடம் காட்டினார். இலவச பார்க்கிங் என்று சொல்லி பாஸ் விற்ற பிறகு இது நியாயமே இல்லை. மறுநாள் கேட்டதற்கு, "வசதி உண்டுன்னுதான் போட்டோம், எல்லாருக்கும்னு போடலையே" என்று பதில் வந்தது. பணமும் திரும்பவில்லை.

இந்த முறை பாஸ் வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: பொதுமக்கள் கார் எத்தனை நிற்கும்? வண்டி வந்து போகும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். ஐம்பது கார் என்றால் கால் ஏக்கருக்கு மேல். பந்தலும் சாப்பாட்டுக் கொட்டகையும் போட்ட பிறகு அந்த இடம் எங்கே மிஞ்சுகிறது என்று அவர்கள் காட்டட்டும். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

லொகேஷனை, அன்று திறந்திருக்கும் வாயிலில் நின்று ஒருவர் பகிர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். வாயிலில் நிற்கப் போகிறவரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தெற்கிலிருந்து அரசுப் பேருந்தில் வரும் சொந்தக்காரர்களிடம் கிளாம்பாக்கம், கிண்டி, நந்தனம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். புது நோட்டீஸிலும் கோயம்பேடு என்றேதான் இருக்கிறது. நேற்று குழுவில் இதைச் சுட்டிக் காட்டினேன், இன்னும் திருத்தவில்லை.