"தமிழிலிருந்து நேரடியாகச் சீனம்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

சீனாவில் நடக்கவிருந்த கட்டுமானப் பொறியியல் மாநாடு ஒன்றுக்கு என் ஆய்வுச் சுருக்கத்தைச் சீனத்திலும் கேட்டார்கள். நான் எழுதியிருந்தது தமிழில். "நேரடியாகத் தமிழிலிருந்தே செய்வோம், பொறியியல் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று சொன்ன ஒரு நிறுவனத்திடம் 4,500 ரூபாய் கட்டினேன். இரண்டே நாளில் கோப்பு வந்தது. எனக்குச் சீனத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், என் கட்டுரையைக் கழிவு மேலாண்மை அமர்வில் போட்டிருந்தார்கள். என் ஆய்வோ, சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்த கான்கிரீட் பற்றியது. கேட்டு எழுதினேன். "குப்பை எரிக்கும் உலையின் சாம்பல் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்? இங்கே அது அபாயக் கழிவு" என்று பதில் வந்தது.

கோப்பில் இருந்த சொல் 飞灰, அதாவது 'பறக்கும் சாம்பல்'. சீனத்தில் இது பெரும்பாலும் குப்பை உலைச் சாம்பலைத்தான் குறிக்கும். கான்கிரீட்டில் கலப்பதற்கு அவர்கள் சொல்வது 粉煤灰, 'பொடி நிலக்கரிச் சாம்பல்'. கிட்டத்தட்ட நான் தமிழில் எழுதியதேதான்! என் சுருக்கத்தில் 'பறக்கும்' என்ற சொல்லே கிடையாது. 'ஃபிளை ஆஷ்' என்று ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து சீனத்துக்குப் போனால்தான் அது முளைக்கும்.

அடுத்தது இன்னும் மோசம். சாம்பல் கலந்த கான்கிரீட்டுக்கு வலு மெதுவாகத்தான் ஏறும். அதனால் எத்தனை நாள் நீராற்றினோம், அதாவது ஈரம் காயாமல் வைத்திருந்தோம் என்பதுதான் என் கட்டுரையின் உயிர். நீராற்றலுக்குச் சீனத்தில் 养护 என்ற சொல் இருக்கிறது. கோப்பில் இருந்ததோ 治疗. நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை! ஆங்கிலத்தில் நீராற்றலுக்கும் நோய் தீர்ப்பதற்கும் ஒரே சொல்லான 'கியூரிங்' வழியாக வந்த வினை. என் கான்கிரீட் 28 நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறது.

ஒரு தவறு என்னுடையதும்தான். கான்கிரீட்டின் வலுத் தரத்தை M30 என்று மட்டும் எழுதி விட்டுவிட்டேன். சீனத் தரநிலைகளில் கான்கிரீட்டுக்கு C, சாந்துக்குத்தான் M. '150 மி.மீ. கனசதுரம், 28 நாள், 30 MPa' என்று விரித்து எழுதியிருக்க வேண்டும்.

சீனம் தெரியாமலே இதைப் பிடிக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. சீன ஆய்விதழ்களில் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கமும் சேர்ந்தே இருக்கும். வந்த கோப்பிலிருந்து சந்தேகப்படும் சொல்லை வெட்டி, சீன ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் CNKI தளத்தில் தேடி, கிடைக்கும் கட்டுரைகளின் ஆங்கிலத் தலைப்பைப் பாருங்கள். எல்லாம் குப்பை உலை என்றே வந்தால் சொல் தவறு. பத்து நிமிட வேலை.

இரண்டாம் முறை வேறொருவரிடம் கொடுத்தபோது, பன்னிரண்டு கலைச்சொற்களைத் தமிழ், ஆங்கிலம், ஒரு வரி விளக்கம் என்று அட்டவணையாக்கி, சாம்பலுக்கான சீனத் தரநிலை எண் GB/T 1596 என்பதையும் சேர்த்து அனுப்பினேன். சரியாக வந்தது, அமர்வும் மாறியது. முதல் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. 'மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை இல்லை' என்று பதில் போட்டார்கள்.