கடைப் பலகை எழுத்து: பாயிண்ட்டைப் பெருக்குவதா, ‘ட’வை அளப்பதா?

போன மாதம் எங்கள் துணிக்கடைக்குப் புதுப் பலகை போட்டோம். தமிழ் எழுத்து 6 இன்ச், அதாவது சுமார் 150 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்பது முடிவு. டிசைன் செய்பவரோ எத்தனை பாயிண்ட் என்றுதான் கேட்டார்.

முதல் வழி எல்லாரும் செய்வது. 72 பாயிண்ட் ஒரு இன்ச், ஆக ஒரு பாயிண்ட் 0.3528 மிமீ. 150-ஐ அதால் வகுத்தால் 425 பாயிண்ட். பழைய அச்சகப் பாயிண்ட் கொஞ்சம் சிறியது, ஆனால் இந்த அளவிலும் வித்தியாசம் ஒரு மிமீகூட வராது, விட்டுவிடலாம்.

கணக்கு சரிதான், எழுத்துதான் சரியாக வரவில்லை. மாதிரிக்கு ஒரு துண்டு பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்தால் ‘ட’ வெறும் 85 மிமீ. ஏனென்றால் பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் அல்ல, எழுத்து உட்காரும் கட்டத்தின் உயரம். அந்தக் கட்டத்துக்குள் மேலே மேல்விலங்குக்கும் புள்ளிக்கும், கீழே ‘து’வின் வாலுக்கும் இடம் விட்டிருப்பார்கள், எவ்வளவு விடுவது என்பது ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும்.

அதனால் நான் இரண்டாவது வழிக்கு வந்துவிட்டேன். ‘ட’வை மட்டும் 72 பாயிண்ட்டில் தட்டச்சு செய்து, 100 சதவீதத்தில் பிரிண்ட் எடுத்து (தாளுக்குப் பொருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவே பொய்) உயரத்தை அளந்தேன். 14.4 மிமீ. 72 பாயிண்ட் கட்டத்தின் உயரமான 25.4-ஆல் வகுத்தால் 0.567, அதுதான் அந்த ஃபான்ட்டின் எண். 425-ஐ அதால் வகுத்தால் 750 பாயிண்ட். அந்த அளவில் ‘ட’ சரியாக 150 வந்தது.

கோரல்டிராவில் எழுத்தை கர்வ் ஆக்கி உயரப் பெட்டியில் நேராக 150 மிமீ போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் ‘துணிக்கடை’ முழுவதையும் பிடித்துப் போட்டால் ‘ணி’யின் மேல்விலங்கிலிருந்து ‘து’வின் அடிவரை சேர்த்துத்தான் 150 ஆகும், ‘ட’ மறுபடியும் சின்னதாகிவிடும். ‘ட’வைத் தனியாகத் தொட்டு உயரம் பார்த்து, அது 150 ஆக எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு முழுச் சொல்லையும் பெரிதாக்க வேண்டும்.

ஆங்கில வரிக்கும் இதே கதைதான். 750 பாயிண்ட்டை அப்படியே ஏரியலுக்குக் கொடுத்தால் பெரிய எழுத்து சுமார் 190 மிமீ வந்து தமிழை விட உயர்ந்து நிற்கும். தமிழ்நாட்டில் பலகைக்குத் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் உண்டு. நான் அதை எழுத்தின் உயரத்திலேயே பிடித்தேன்: ஆங்கிலம் 90 மிமீ, ஏரியலில் அது சுமார் 356 பாயிண்ட்.

நான் செய்தது ஃப்ளெக்ஸ் பலகை. வெட்டி ஒட்டும் அக்ரிலிக் எழுத்துக்குக் கோட்டின் தடிமனும் பார்க்க வேண்டியிருக்கும், அதில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் எதுவானாலும் ஆர்டர் தாளில் பாயிண்ட் எழுதாமல் “‘ட’ உயரம் 150 மிமீ” என்றே எழுதிக் கொடுங்கள், ஃபான்ட்டை மாற்றிவிட்டால்கூட அந்த அளவு நிற்கும்.