வாய் அகலத்தை மட்டும் அளந்து பூச்சாடி மண்ணுக்குப் பில் போடுகிறார்கள், கவனம்

கொழும்பில் பல்கனியிலோ மொட்டை மாடியிலோ பூச்சாடி வைத்து, மண் கலவையை ஆட்களைக் கொண்டு நிரப்பிக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீற்றருக்கு இவ்வளவு என்று பேசி, வந்து நிரப்பிவிட்டு, கடைசியில் சாடியை அளந்து பில் தருவார்கள். அந்த அளவில்தான் ஏமாற்று நடக்கிறது. எங்களுக்கு நடந்தது அப்படியே கீழே.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மேல் தளத்தில் 14 சீமெந்துச் சாடிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, வாளி மாதிரி மேலே அகலம், கீழே ஒடுக்கம். எல்லா வீட்டுக்காரரும் காசு சேர்த்து, மண், கொம்போஸ்ட், தும்புச்சோறு கலந்த கலவை நிரப்பித் தரச் சொல்லி ஒரு ஆளைப் பிடித்தோம். லீற்றருக்கு 40 ரூபாய், நிரப்பும் கூலியும் அதற்குள்ளேயே. வந்தார்கள், சின்ன லொறியிலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள், நிரப்பினார்கள். வேலை நாள் என்பதால் வீட்டில் அம்மாதான் இருந்தார். கல்குலேட்டரில் தட்டிக் காட்டி 40,320 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாலையில் பில்லைப் பார்த்தேன். "வாய் 48, உயரம் 40, ஒன்றுக்கு 72 லீற்றர், 14 சாடி, 1,008 லீற்றர்" என்று எழுதியிருந்தது. சாடியின் அடி அகலம் பில்லில் எங்குமே இல்லை. அதைப் பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிட்டது. வாயில் பாதியான 24 ஐ 24 ஆல் பெருக்கி, பையால் பெருக்கி, உயரம் 40 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். வருவது 72,382 கன சென்ரிமீற்றர், அதாவது 72.4 லீற்றர். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக நிற்கும் உருளைக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். எங்கள் சாடியின் உள் அடி 32 சென்ரிமீற்றர்தான்.

போன் எடுத்துக் கேட்டேன்.

"தம்பி, சாடியின் அடி அகலம் அளந்தீங்களா?"

"அடி எதுக்கு அக்கா? வாயும் உயரமும் போதும். எல்லா இடத்திலயும் நாங்க இப்படித்தான் போடுறது."

எல்லா இடத்திலும் இப்படித்தான் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

சரியான கணக்கு இதுதான். வாளி வடிவம் என்பது நுனியை வெட்டி எடுத்த ஒரு கூம்பு. எங்கள் சாடி 40 சென்ரிமீற்றர் இறங்குவதற்குள் ஆரை 24 இலிருந்து 16 ஆகக் குறைகிறது. அதே சரிவில் பக்கங்களைக் கீழே நீட்டிக்கொண்டே போனால், வாயிலிருந்து 120 சென்ரிமீற்றர் ஆழத்தில் அவை ஒரு புள்ளியில் கூடும். ஆகவே 120 உயரமான பெரிய கூம்பிலிருந்து, அடிக்குக் கீழே இருக்கும் 80 உயரமான சின்னக் கூம்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சாடியின் கனவளவு. ஒவ்வொரு முறையும் இப்படி நீட்டிக் கழிக்கத் தேவையில்லை. அந்தக் கழித்தலைச் சுருக்கினால் இந்தச் சூத்திரம் வருகிறது. R வாயின் ஆரை, r அடியின் ஆரை, h நேர் உயரம்:

```
V = π × h ÷ 3 × (R² + R×r + r²)
```

எங்கள் சாடிக்கு, அடைப்புக்குள் 576, 384, 256 மூன்றும் சேர்ந்து 1,216. அதை 40 ஆல் பெருக்கி, மூன்றால் வகுத்து, பையால் பெருக்கினால் 50,936 கன சென்ரிமீற்றர். அதாவது 50.9 லீற்றர். பில்லில் இருந்தது 72. சாடி விளிம்பு முட்ட நிரம்பியிருந்தால்கூட, ஒவ்வொன்றிலும் 21 லீற்றர் காற்றுக்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

இந்தக் கூடுதல் சாடியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை. அடி வாயில் எத்தனை பங்கு என்பது மட்டும்தான் அதைத் தீர்மானிக்கிறது. எங்கள் சாடியைப் போல அடி வாயில் மூன்றில் இரண்டு பங்கு என்றால், உருளைக் கணக்கு 42 சதவீதம் கூட்டிக் காட்டும். அடி வாயில் பாதிதான் என்றால் 71 சதவீதம். அதனால் ஒடுங்கிய சாடி வைத்திருப்பவர்கள் எங்களைவிட மோசமாக இழப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது, அது கண்ணுக்குத் தெரிந்தாலும் சின்னதாகத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றினால் வழியாமல் இருக்க, சாடியில் மேலே கொஞ்சம் இடம் விடுவது வழக்கம். எங்கள் சாடிகளில் 5 சென்ரிமீற்றர் விட்டிருந்தார்கள். அது நியாயம்தான். ஆனால் பில்லை விளிம்பு வரைக்கும் போட்டிருந்தார்கள். 40 இல் 5 என்றால் எட்டில் ஒரு பங்கு, போனால் போகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வாளி வடிவத்தில் மேல் பகுதிதான் அகலமானது. ஒரு சென்ரிமீற்றருக்கு ஆரை 0.2 குறைவதால், மண் மட்டத்தில் ஆரை 23, மண்ணின் உயரம் 35. அதே சூத்திரத்தில் போட்டால் 42.3 லீற்றர். விளிம்புக்குக் கீழே இருந்த வெறும் 5 சென்ரிமீற்றரில் 8.7 லீற்றர் போய்விட்டது. அடியில் அதே 5 சென்ரிமீற்றர் எடுத்துப் பாருங்கள், 4.3 லீற்றர்தான் பிடிக்கும். சாடியில் சரி பாதி உயரத்துக்கு மண் இருந்தாலும் அது 20.4 லீற்றர்தான், அரைச்சாடிக்குப் பக்கத்தில்கூட வராது. வாளிக் கணக்கில் மணலோ பாலோ பாயாசமோ வாங்குபவர்களும் இதைக் கவனியுங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாக நிரப்பித் தருபவர், வாளியின் மிக அகலமான இரண்டு விரலைத்தான் தன்னிடம் வைத்துக்கொள்கிறார்.

ஆக 14 சாடிக்கும் சேர்த்து உண்மையில் வந்த கலவை சுமார் 592 லீற்றர். அதற்கு 23,680 ரூபாய். கொடுத்தது 40,320. வித்தியாசம் 16,640 ரூபாய், பல வீட்டுக்காரர் பங்கு போட்டுக் கொடுத்த காசு.

இரண்டாவது முறை பேசியபோது, "மண் இறங்கும் அக்கா, அதுக்குத்தான் கூடப் போட்டது" என்றார். உதிரியாகக் கொட்டிய கலவை தண்ணீர் பட்டதும் ஓரளவு இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் மட்டத்தை அளந்தது அன்று மாலையே, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன். இறங்குவதற்காக அவர்கள் கூடுதலாகக் கொட்டியிருந்தால் மட்டம் விளிம்பை ஒட்டி நின்றிருக்க வேண்டும். பதிலே வரவில்லை. பிறகு இரண்டு மூட்டை கொம்போஸ்ட் தருவதாகச் சொன்னார், நாங்கள் வேண்டாம் என்றுவிட்டோம்.

வேறு இடத்தில், "நாங்கள் அடியையும் அளந்து சராசரி எடுப்போம்" என்று சொல்பவர்களும் இருக்கலாம். அது எவ்வளவு சரி என்றும் பார்த்துவிடுங்கள். வாய் ஆரைக்கும் அடி ஆரைக்கும் சராசரி எடுத்து, அதை வைத்து உருளை போட்டால் எங்கள் சாடிக்கு 50.3 லீற்றர் வரும், கொஞ்சம் குறைவு. ஆரைகளுக்குப் பதிலாக இரண்டு வட்டங்களின் பரப்பையும் சராசரி எடுத்தால் 52.3, கொஞ்சம் கூட. இந்த இரண்டையும் வைத்தே சரியான விடையை எடுக்கும் வழியை 628 ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் எழுதிவைத்திருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சின்ன விடையோடு கூட்டச் சொல்கிறார். 2 இல் மூன்றில் ஒன்று ஏறக்குறைய 0.67, அதை 50.3 உடன் கூட்டினால் 50.9. தோண்டிய குழியின் கனவளவுக்காக எழுதிய விதி, இன்றைக்கு நம் மாடிச் சாடிக்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

அதனால் ஆரைகளின் சராசரியை எடுத்துப் பில் போட்டால் சண்டை பிடிக்க வேண்டாம், சாதாரணச் சாடியில் அது வாங்குபவருக்குக் கொஞ்சம் சாதகம்தான். தாம்பாளம் போல விரிந்த பாத்திரத்தில்தான் அது தடுமாறும். வாய் ஆரை 30, அடி ஆரை 10 என்றால் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைத்துக் காட்டும்.

அளக்கும்போது ஆளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சீமெந்துச் சாடியின் சுவர் தடிப்பானது. எங்களுடையது 3 சென்ரிமீற்றர். டேப்பை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குப் பிடித்தால் 48 என்பது 54 ஆகிவிடும், அதை இரண்டு தடவை பெருக்கும்போது பிழையும் பெருகும். உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்குத்தான் பிடிக்க வேண்டும். உள் அடியை, சாடி வெறுமையாக இருக்கும்போதே, அடிக்குள் குறுக்கே பொருந்தும்படி ஒரு ஈர்க்கை முறித்து வைத்து அளக்கலாம். நிரம்பியபின் என்றால் வெளியே அளந்து இரண்டு சுவர்த் தடிப்பைக் கழியுங்கள். உயரத்தைப் பக்கச் சரிவு வழியாக அளக்கக் கூடாது. வாயின் குறுக்கே ஒரு தடியை வைத்து, அதிலிருந்து அடிவரை நேராக இறக்கி அளக்க வேண்டும். எங்கள் சாடியில் சரிவு 40.8, வித்தியாசம் சின்னது. விரிந்த பாத்திரத்தில் அது பெரிதாகிவிடும்.

போனில் தட்டுவதற்கு விட்டங்களை அப்படியே போடும் வடிவம் வசதி. D வாய் விட்டம், d அடி விட்டம், எல்லாம் சென்ரிமீற்றரில்:

```
லீற்றர் = 0.2618 × h × (D² + D×d + d²) ÷ 1000
```

பக்கங்கள் நேராகச் சரிந்து இறங்கும் வட்டச் சாடிக்குத்தான் இது. பானை போல நடுவில் வயிறு வைத்த சாடிக்கு, வயிறு மிக அகலமாக இருக்கும் இடத்தில் இரண்டாகப் பிரித்து, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் தனித்தனியே போட்டுக் கூட்டினால் ஏறக்குறைய வரும், ஆனால் வளைவு வெளியே புடைத்திருப்பதால் கொஞ்சம் குறைத்தே காட்டும். அப்படிப்பட்ட சாடி உள்ளவர்கள் கணக்கை விட்டுவிட்டு, லீற்றர் தெரிந்த ஒரு வாளியால் எண்ணி எண்ணிக் கொட்டச் சொல்லுங்கள்.

எங்கள் முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லியிருக்கிறோம். பில்லில் அவர்கள் கையாலேயே எழுதிய "வாய் 48, உயரம் 40" இருப்பதால், எந்த வழியில் 72 வந்தது என்று யாருக்கும் விளக்க முடிகிறது. நீங்களும் வேலை தொடங்கும் முன்பே மூன்று அளவையும், அதாவது உள் வாய், உள் அடி, மண் நிற்கப்போகும் நேர் உயரம் ஆகியவற்றை, பில்லில் எழுதி வாங்குங்கள். அடியை எழுத மறுக்கும் ஆளிடம் லீற்றர் கணக்கில் வேலை கொடுக்காதீர்கள், மூட்டைக் கணக்கில் பேசி, வெறும் மூட்டைகளை எண்ணிக் காசு கொடுங்கள்.