தோள் முடிச்சும் மாலைத் தலையிடியும்: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

இங்கே நான் எழுதுவது ஒரேயொரு வகைத் தலையிடியைப் பற்றியது. தலையின் இரு பக்கத்தையும் ஒரு பட்டியால் இறுக்கிக் கட்டியதைப்போல அது அழுத்தும்; துடிக்காது, வாந்தி வராது, எழுந்து நடந்தாலும் நோவு கூடுவதில்லை; ஆனால் பிற்பகலில் மெல்லத் தொடங்கி இரவு வரை விடாது. களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் எனக்கு, புதிய தவணை தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் இது ஏறக்குறைய எல்லா மாலையிலும் வந்தது. பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணி அந்த வாரங்களில்தான் வந்து குவியும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் ஓடும் இடத்தைப் பார்க்க முகத்தை ஊசிக்கு அருகில் கொண்டுபோக வேண்டியிருப்பதால், கழுத்து மணிக்கணக்காகக் குனிந்தே இருக்கும். துணியைத் தள்ளிப் பிடிக்கும் இரு தோள்களும் நம்மை அறியாமலே காதை நோக்கி உயர்ந்திருக்கும்.

தலை நோகும்போது தலையையே தேய்ப்பதுதான் நம் வழக்கம். வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் என்னைப் பரிசோதித்தவர் முதலில் தொட்டது தலையை அல்ல, தோளை. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவிலே தடித்து நிற்கும் தசையின் விளிம்பை விரலிடையில் பிடித்து அவர் அழுத்தியபோது, நோவு அந்த இடத்தில் மட்டும் நிற்காமல் கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதின் பின்னால் வளைந்து, நெற்றிப்பொட்டுக்கு வந்தது. நான் ஒவ்வொரு மாலையும் அனுபவித்த தலையிடியின் இடம் அதுவேதான். ஒரு தசையின் இறுகிய புள்ளி வேறோர் இடத்தில் வலியைக் காட்டுவது இவ்வகைத் தலையிடியில் அடிக்கடி காணப்படும் ஒன்று. அந்தப் புள்ளியின் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை. ஆனால், அழுத்தினால் பழகிய தலையிடி திரும்பத் தோன்றுகிறதா என்று பார்ப்பது, கைவைக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுகிறது.

அன்று முதல் இன்றுவரை நான் கடைப்பிடிக்கும் முறை இது. கதிரையில் சாய்ந்து அமர்ந்து, அழுத்தப்போகும் பக்கத்துக் கையை மடியில் தொங்கவிடாமல், மேசையிலோ மடியில் வைத்த தலையணையிலோ முழங்கை முதல் விரல்வரை கிடத்த வேண்டும். கையின் பாரம் தாங்கப்பட்டால்தான் தோள்தசை தளரும். இதைச் செய்யாமல் தசையைப் பிடித்தால், இறுகிய தசையோடு போராடுவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. மறு கையின் பெருவிரலை முன்புறமும் மற்ற விரல்களைப் பின்புறமும் வைத்து, அந்தத் தடித்த விளிம்பை உடலிலிருந்து சற்று மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணெய் இங்கே வேண்டாம். விரல் சறுக்கினால் பிடி நிற்காது. மெல்லிய சட்டையின் மேலாகப் பிடிப்பதே எனக்கு வசதியாக இருக்கிறது. பிடித்த தசையை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினால், தேங்காய்க் கயிறு போன்ற ஓர் இறுகிய இழை தட்டுப்படும். அந்த இழையில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக நோகும். அதுதான் முடிச்சு.

முடிச்சைக் கண்டபின் தேய்ப்பதில்லை. அசையாமல் பிடித்திருப்பதே வேலை. வலியில்லாத நிலையைச் சுழியம் என்றும் தாங்கமுடியாத வலியைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், நான்கு அல்லது ஐந்தில் நிற்குமளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். முகம் சுளிக்கிறதென்றால், மூச்சு நின்றுபோகிறதென்றால், அழுத்தம் கூடிவிட்டது. தசை அதற்கு எதிராக மேலும் இறுகும். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு 30 முதல் 60 விநாடிவரை பிடித்தால், அழுத்தத்தைக் குறைக்காமலே நோவு மூன்றுக்கோ இரண்டுக்கோ இறங்குவதை உணரலாம். அப்போது கையைச் சட்டென்று எடுக்காமல் மெல்லத் தளர்த்த வேண்டும். ஒரு நிமிடமாகியும் நோவு இறங்கவில்லை என்றால், அந்த இடத்தை அன்றைக்கு விட்டுவிடுவதுதான் நல்லது. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் போதும். மொத்தமாக ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மறுநாள் சிறிது உளைவு இருப்பது வழமை. உளைவு அதற்கு அடுத்த நாளும் தொடர்ந்தாலோ, தோல் கன்றி நீலம் பாய்ந்தாலோ, விரலின் பலத்தைப் பாதியாக்க வேண்டும் என்பதே பொருள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது, கை போகக் கூடாத இடங்களைப் பற்றி. தசையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காறை எலும்புக்கு மேலேயுள்ள பள்ளத்தில் விரலை நேராகக் கீழ்நோக்கிக் குத்தினால், கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக்குழாயும், அதற்கும் கீழே நுரையீரலின் நுனியும் இருக்கின்றன. கையில் விறுவிறுப்போ மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வோ வந்தால் விரல் தசையில் இல்லை, நரம்பில் இருக்கிறது. உடனே எடுத்துவிட வேண்டும். கழுத்தின் முன்புறத்தையும், நாடி துடிக்கும் பக்கவாட்டையும் தொடவே வேண்டாம். அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம், முதியவர்களில் குழாயின் உட்படிவு பெயர்ந்து மூளைக்குப் போகவும் கூடும். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதும் இந்த முறையில் சேராது. சலூனில் தலைமுடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பிவிடும் வழக்கத்தை நம் ஊர் ஆண்கள் பலர் சுகமாக நினைக்கிறார்கள். கழுத்து எலும்புகளின் ஊடாக மூளைக்கு ஏறும் இரத்தக்குழாயின் சுவர் அப்படித் திருகும்போது அரிதாகவேனும் கிழியலாம் என்பதால், அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

பிரதேச செயலகத்தில் கணினியில் வேலை செய்யும் என் மச்சாளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது நடந்ததைச் சொன்னால் முறை தெளிவாகும். அவருக்கு வலது நெற்றிப்பொட்டிலும் வலது கண்ணுக்கு மேலும் நோவு. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுதுவது அவருடைய பழக்கம், அதுவும் வலப்பக்கத்தில். முதலில் அவர் தோளைத் தடவி, “எல்லா இடமும்தான் நோகுது” என்றார். கையைத் தலையணையில் கிடத்தி ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னபின் தேடியதில், கழுத்தடியிலிருந்து மூன்று விரற்கிடை தள்ளி ஒரு புள்ளி அகப்பட்டது; பிடித்த சில விநாடிகளில், “இந்தா, பொட்டுக்கு வருகுது” என்றார். ஐந்தில் தொடங்கிய நோவு ஒரு நிமிடத்துக்குள் இரண்டானது. இரண்டாவது புள்ளி தோள்மூட்டுக்கு அருகில் இருந்தது. அழுத்தியபோது அவ்விடமே நொந்ததே தவிர, தலைக்கு எதுவும் போகவில்லை. அதை விட்டுவிட்டோம். பொட்டில் இருந்த நோவு பெரும்பாலும் போய்விட்டது. கண்ணுக்கு மேலிருந்தது மட்டும் மீதமிருந்தது.

அந்த மீதத்துக்குக் காரணம் பிடரியில், மண்டையோட்டின் கீழ்விளிம்பை ஒட்டியிருக்கும் சிறிய தசைகள். குனிந்தபடி திரையையோ ஊசியையோ நிமிர்ந்து பார்க்க முகத்தை உயர்த்தும்போது இவை ஓயாமல் சுருங்கியிருக்கும். இவற்றின் நோவு மண்டைக்கு உள்ளாகக் கண்வரை போவதுபோல் தோன்றும். பாயில் மல்லாந்து படுத்து, இரு கை விரல்நுனிகளையும் அந்த எலும்பு விளிம்பின் கீழே, நடுப்பள்ளத்தை விட்டு இரு பக்கத்திலும் வைத்து, தலையின் பாரத்தை விரல்மேல் விட்டுவிட வேண்டும். விரல் அழுத்த வேண்டியதில்லை. தலையின் எடையே போதும். இரண்டு நிமிடம் போதுமானது. விரல் களைத்துப்போகிறவர்கள், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் டெனிஸ் பந்து இரண்டை ஒரு காலுறைக்குள் இறுக்கி முடிந்து, முடிச்சு நடுவில் வராதபடி அதே இடத்தில் வைக்கலாம். பந்தின்மேல் தலையைப் பக்கத்துக்குப் பக்கம் உருட்டக் கூடாது. தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிதல், நாக்குக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

உச்சந்தலைக்கும் பொட்டுக்கும் செய்வது கடைசி வேலை, சிறிய வேலையும்கூட. பல்லைக் கடித்தால் பொட்டில் புடைத்தெழும் தசைதான் இலக்கு. அதைக் கண்டபின் பற்களைப் பிரித்துத் தாடையைத் தொங்கவிட வேண்டும். மூன்று விரல்களின் தட்டையான பகுதியை வைத்து, விரல் முடியின்மேல் சறுக்காமல், தோல் எலும்பின்மேல் நகரும்படி மெல்ல வட்டமிட வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது நாம் செய்வது இதுவல்ல. அங்கே விரல் முடியில் ஓடுகிறது, தசைக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. தோளைக் கவனிக்காமல் பொட்டை மட்டும் தடவினால் அரை மணி நேரச் சுகம்தான் எனக்குக் கிடைத்தது.

இவ்வளவு காலத்துக்குப் பின் என் மதிப்பீடு இது: தலையிடி வருவது நிற்கவில்லை; குறைந்திருக்கிறது. தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் தோளைப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இரவுவரை விட்டுவைத்தால் அவ்வளவாக அசைவதில்லை. எனக்கு இதனால் கிடைத்த பெரிய பயன், மாத்திரை குறைந்ததுதான். பரசிற்றமோல் போன்ற சாதாரண வலிநிவாரணியையே மாதத்தில் 15 நாளுக்கோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரையே நாள்தோறும் தலையிடியை உண்டாக்கக்கூடும். சீருடைக் காலத்தில் நம் பகுதித் தையற்காரர்கள் பலர் அந்த எல்லையை அறியாமலே கடக்கிறார்கள்.

என் தங்கச்சிக்கு இது உதவவில்லை. அவருடையது ஒரு பக்கம் துடிக்கும், வெளிச்சமும் சத்தமும் ஆகாத, வாந்தியோடு வரும் ஒற்றைத் தலைவலி; அந்த நேரத்தில் உச்சந்தலையில் சீப்புப் பட்டாலே நோகும், அழுத்தினால் கூடும். அதற்கு வைத்தியர் தரும் மருந்துதான் வழி. திடீரென்று இடிபோல இறங்கும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், தலையில் அடிபட்டபின் வரும் நோவு, கர்ப்ப காலத்தின் பிற்பாதியில் வரும் கடும் தலையிடி ஆகியவற்றில் கைவைத்துப் பார்ப்பதற்கே இடமில்லை. 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலையிடி தொடங்கி, பொட்டைத் தொட்டால் நோவும், மெல்லும்போது தாடை களைப்பும் சேர்ந்தால், அது தசை முடிச்சல்ல, இரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். பார்வையைப் பறிக்கக்கூடியது அது. தடவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முடிச்சைத் தளர்த்துவது ஒரு பாதி. அது மறுபடி கட்டாமல் பார்ப்பது மறுபாதி. ஊசிக்கு அருகில் ஒரு வெள்ளை விளக்கைப் பொருத்தியபின் முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய தேவை குறைந்தது. கதிரையின்மேல் மடித்த பாயொன்றைப் போட்டு உட்காருவதால், முழங்கை இயந்திரப் பலகைக்குச் சற்று மேலே இருக்கிறது, தோள் உயர்வதில்லை. ஒரு சட்டையின் கழுத்துப்பட்டி முடிந்ததும் எழுந்து, இரு தோள்களையும் பின்னோக்கிச் சுழற்றிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறேன். மச்சாள் இப்போது தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் பேசுகிறார்.