கட்டுரைப் பாடத்தில் சக மாணவர் திருத்தம்: மூன்று கல்வியாண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஒன்பதாம் வகுப்பில் 40 மாணவர்கள், 45 நிமிடப் பாடவேளைகள் நான்கு, ஒரே ஒரு கட்டுரை. இதுதான் திட்டம். முதல் வேளையில் பேச்சு, இரண்டாவதில் முதல் வரைவு, மூன்றாவதில் தாளை மாற்றிப் படித்தல், நான்காவதில் மறுவரைவு. மூன்று ஆண்டுகள் நடத்திப் பார்த்ததில், இதில் எது பலன் தருகிறது, எது தருவதில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

பேச்சு வேளையை வீண் என்று நினைத்துத் தவிர்த்துவிடக் கூடாது. 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று தலைப்பைக் கொடுத்து நேரே எழுதச் சொன்னால், பெரும்பாலான தாள்கள் 'நீரின்றி அமையாது உலகு' என்றுதான் தொடங்கும். தன் ஊர் ஏரியைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. கட்டுரைக்கு என்று அவன் வைத்திருப்பதோ நோட்ஸில் படித்த தமிழ். அதனால் இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் 3 நிமிடம் வீட்டுப் பேச்சிலேயே சொல்ல, மற்றவர் சொற்களை மட்டும் குறித்துத் தர வேண்டும். மதகு, கருவேலம், எருமை, மீன் ஏலம் என்று ஒரு பட்டியல் கையில் வந்துவிடும். மறுநாள் வரைவுக்கு அதுவே குறிப்புச்சட்டகம்.

வரைவை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இடம் இல்லாத தாளில் யாரும் திருத்த மாட்டார்கள்.

சிக்கல் எல்லாம் மூன்றாவது வேளையில்தான். 'நண்பனின் கட்டுரையைத் திருத்து' என்று மட்டும் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். தாளின் அடியில் 'நன்று' என்று எழுதித் திருப்பித் தருவார்கள். அல்லது சிவப்பு மையை எடுத்துக்கொண்டு ர, ற வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். பின்னது கூடுதல் கெடுதல். ஒற்று மிகும் இடம் பாதி தெரிந்த மாணவர், 'படித்த பையன்' என்று சரியாக இருப்பதைப் 'படித்தப் பையன்' என்று மாற்றிவிடுவார். பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது என்பது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. சரியாக எழுதியவரும் அதை நம்பி அப்படியே மறுவரைவில் எழுதுகிறார். ஆகவே இரண்டாம் ஆண்டு முதல் பென்சில் மட்டும்தான். பிழை என்று தோன்றினால் வட்டமிடலாம், திருத்தக் கூடாது. வட்டங்களை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

திருத்துபவருக்குக் கொடுக்கும் சீட்டில் மூன்றே வேலைகள். ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரு வரியில் எழுத வேண்டும். தனக்குப் புதிதாகத் தெரிந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுத வேண்டும். இன்னும் தெரிய வேண்டும் என்று தோன்றும் இரண்டு இடங்களில் கேள்வி கேட்க வேண்டும். தாளைப் படிக்காமல் இவற்றில் ஒன்றையும் நிரப்ப முடியாது. இரண்டாவது வேலைக்கு வாக்கியமே கிடைக்கவில்லை என்றால் அதையே எழுதச் சொல்லலாம். எழுதியவருக்கு அதைவிடத் தெளிவான செய்தி தேவையில்லை.

ஏரிக் கட்டுரை ஒன்றில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "எங்கள் ஊர் ஏரி மிகவும் மாசடைந்துள்ளது. மக்கள் குப்பைகளைக் கொட்டுகின்றனர். அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்." சீட்டில் வந்த கேள்வி: "எந்தக் கரையில் கொட்டுகிறார்கள்? என்ன குப்பை?" மறுவரைவில் அதே பத்தி: "சந்தை முடிந்த மறுநாள் காலையில் கிழக்குக் கரையில் வாழை மட்டையும் பாலித்தீன் பையும் குவிந்து கிடக்கும். மழை வந்தால் அவை மதகில் போய் அடைத்துக்கொள்கின்றன." இலக்கணம் எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. கேள்வி கேட்டவர் பக்கத்துத் தெருக்காரராக இருந்திருந்தால் இந்தக் கேள்வியும் வந்திருக்காது. அவருக்கு ஏற்கெனவே தெரியும். எனவே மூன்றாம் வேளையில், முதல் நாள் ஜோடியைக் கலைத்து, வேறு ஊர் அல்லது வேறு தெருப் பிள்ளையிடம் தாளைக் கொடுப்பது நல்லது. பெயருக்குப் பதில் வரிசை எண் போதும்.

முதல் தடவை 45 நிமிடம் போதாது. படிக்கவும் சீட்டை நிரப்பவும் அதற்கு மேல் ஆகிறது. மூன்றாவது கட்டுரைக்குள் அரை மணியில் முடித்துவிடுகிறார்கள். யாராவது வராத நாளில் மூவர் குழுவாக்கித் தாளைச் சுற்றி விடலாம்.

மறுவரைவில் தொடர்ந்து வரும் குறை ஒன்று உண்டு: பழையதையே அழகான கையெழுத்தில் பார்த்து எழுதிவிடுகிறார்கள். கட்டுரைக்கு 8 மதிப்பெண், மாற்றத்துக்குத் தனியாக 2 என்று பிரித்த பிறகுதான் இது குறைந்தது. முதல் வரைவு, சீட்டு, மறுவரைவு மூன்றையும் சேர்த்துப் பின் அடித்துத் தர வேண்டும். மாற்றிய இடத்தில் ஓரக்கோடு போட வேண்டும். ஆசிரியர் முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான்.

ஒற்றுப் பிழையை இந்த முறை தீர்க்காது. வட்டமிட்டவற்றில் அதிகம் வந்த ஐந்தை எடுத்து அடுத்த இலக்கண வகுப்பில் கரும்பலகையில் போடுவதுதான் வழி.