டிராப்பை இறக்குவதா, அடிப்பாகத்தையே மெலிதாக்குவதா?

சாதாரண ஓட்ட ஷூவில் குதிகால், முன்பாதத்தைவிட 10 மி.மீ. வாக்கில் உயர்ந்திருக்கும். அதுதான் டிராப். அதிலிருந்து இறங்க இரண்டு வழி. ஒன்று, மெத்தை அப்படியே இருக்க, டிராப் மட்டும் 6, அப்புறம் 4 என்று குறைந்த ஷூக்களுக்கு மாறுவது. இன்னொன்று, பழைய ஷூவையும் வைத்துக்கொண்டு, அடிப்பாகம் மெலிந்த, தட்டையான மினிமலிஸ்ட் ஷூவில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பழகுவது.

செலவைப் பார்த்தால் இரண்டாவதுதான் லாபம், ஒரு ஜோடி போதும். ஆனால் டிராப் குறைந்தால் சுமை ஏறுவது கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும். அடிப்பாகம் மெலிந்தால் விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளில். முதல் வழியில் மாறுவது ஒன்று, இரண்டாவதில் இரண்டும் சேர்ந்து மாறுகின்றன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், விரல் விரலாகப் பிரிந்த ஐந்துவிரல் மினிமலிஸ்ட் ஷூவுக்கு 10 வாரத்தில் மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பில் நீர்க்கோப்பு கூடியிருந்தது. தசை பழகும் வேகத்தில் எலும்பு பழகாது.

"பழனிக்கே வெறுங்காலோட நடக்கிறோம், இதுக்கு என்னண்ணே பழக்கம்?" என்று காரைக்குடிப் பக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தோல் உரமேறியிருக்கும், உண்மை. ஆனால் நடையில் ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக ஒற்றைக் காலில் விழும்.

வாரம் நான்கு நாள், ஐந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுபவரை எடுத்துக்கொள்வோம். முதல் வழியில், ஒரு நாள் மட்டும் முதல் 2 கி.மீ. புது ஷூவில் ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்து பழையதை மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து அந்த நாள் முழுக்கப் புதிது, அப்புறம் இரண்டு நாள். இரண்டு மாதத்தில் முழுதும் மாறிவிடலாம். அடுத்த படிக்கு இறங்குவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது வழியில் முதல் இரண்டு வாரம் கடை கண்ணிக்கு நடக்க மட்டும். மூன்றாவது வாரம், விட்டுவிட்டு இரண்டு நாள், அரை கிலோமீட்டர் ஓட்டம். வாரத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டினால் 12-ஆவது வாரத்தில்தான் ஐந்தைத் தொடும். இந்தத் தூரம் வழக்கமான ஓட்டத்திலிருந்து கழிய வேண்டும், கூடுதலாக அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான். செம்மண் தரை கிடைத்தால் நல்லது, ஆனால் இந்தக் கணக்கை அது மாற்றாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பயிற்சி: திண்ணைப் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்கி ஏற்றுவது. பதினைந்து பதினைந்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

என் ஓட்டு முதல் வழிக்கு. ஆனால் ஏற்கெனவே குதிகால் தசைநாணில் வலி இருந்தவர்கள் டிராப்பைத் தொடாமலிருப்பதே நல்லது.

கெண்டைக்கால் வலி இரண்டு மூன்று நாளில் அடங்கினால் அது பழக்கமின்மை. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் தசைநாண் விறைத்து, அது நாளுக்கு நாள் கூடினால் முந்தைய வார அளவுக்குத் திரும்ப வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பில் விழும் மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். படம் சுத்தமாக இருக்கிறதென்று திரும்பவும் ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.