விற்பனைக் கணக்கைப் பகிர்வதா, ஆர்டரைத் தவணையாகப் போடுவதா: சாட்டை விளைவுக்கு எது மருந்து?

கடையில் வாரம் 100 பெட்டி போய்க்கொண்டிருந்த சரக்கு ஒரு வாரம் 110 போகிறது. அதற்குப் பிறகு எப்போதும் 110தான். பத்தே பத்து பெட்டி கூடியிருக்கிறது. இது மொத்த வியாபாரியைத் தாண்டி உற்பத்தியாளரிடம் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

மூவருக்கும் ஒரே விதி என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பும் வர வேண்டிய சரக்கும் சேர்ந்து, கடைசி வாரத் தேவையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் உடனே முழுதாக நிரப்பிவிட வேண்டும். கேட்க நியாயமான விதிதான். கடைக்காரர் விற்ற 110-ஐ நிரப்புகிறார். இலக்கும் 300-லிருந்து 330 ஆகிவிட்டதால் இன்னும் 30 சேர்த்து 140 ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரிக்குக் கடை விற்பனை தெரியாது, 140 என்ற ஆர்டர் மட்டும்தான் தெரியும். அவர் இலக்கு 420-க்கு ஏற, 260 ஆர்டர் போகிறது. அதைப் பார்க்கும் உற்பத்தியாளர் 740 பெட்டி தயாரிக்கிறார். அடுத்த வாரம் கடைக்காரரின் ஆர்டர் 110-க்கு இறங்குகிறது. மொத்த வியாபாரி வெறும் 20 கேட்கிறார். உற்பத்தியாளர் நான்கு வாரம் எந்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. அதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1950-களின் கடைசியிலேயே இந்த ஏற்ற இறக்கத்தை எழுதிக் காட்டிவிட்டார். கீழே நடக்கும் சின்ன அசைவு மேலே போகப் போகப் பெருகுவதற்குப் பெயர்தான் புல்விப், அதாவது சாட்டை விளைவு. 1997-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் அதன் காரணங்களை நான்காகப் பிரித்தார்கள்: ஆர்டரையே தேவை என்று படிப்பது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடி விலை, தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டிக் கேட்பது. நான் பேசப்போவது முதல் காரணத்தை மட்டும். அதற்கு இரண்டு மருந்துகள் போட்டி போடுகின்றன. சங்கிலியின் நடுவில், மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் மருந்து தகவல் பகிர்வு. கடையின் பில்லில் விழும் விற்பனையை மேலே உள்ள எல்லோரும் பார்க்கிறார்கள், இலக்கை அதை வைத்தே போடுகிறார்கள். அதே 110-க்கு இப்போது கடைக்காரர் 140 கேட்கிறார், மொத்த வியாபாரி 170, உற்பத்தியாளர் 200. பெருக்கல் கூட்டலாக மாறிவிட்டது. ஒன்று கவனிக்க வேண்டும்: ஆட்டம் முழுதாகப் போகவில்லை. சரக்கு வந்து சேரக் காலம் பிடிக்கும்வரை, ஒவ்வொரு படியிலும் 30 ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது மருந்து ஆர்டர் விதியையே தளர்த்துவது. விற்றதை முழுதாக நிரப்பிவிட்டு, அதன் பிறகும் இலக்குக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளியை ஒரே வாரத்தில் அடைக்காமல், வாரம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அடைப்பது. மூவரும் இப்படிச் செய்தால் முதல் வார ஆர்டர்கள் 120, 140, 180. அடுத்த வாரம் உற்பத்தி 141, அதற்கடுத்த வாரம் 118. யாரும் யாருக்கும் எந்தக் கணக்கையும் காட்டவில்லை, எந்திரமும் நிற்கவில்லை.

சரி, மூவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நடுவில் இருப்பவர் மட்டும் மாறினால்? அவர் தவணை முறைக்கு மாறினால் 260 கேட்ட இடத்தில் 180 கேட்பார், உற்பத்தியாளரின் 740 என்பது 420 ஆகும். அவர் மட்டும் கடையின் கணக்கைப் பார்த்து ஆர்டர் போட்டால் 170, உற்பத்தி 380. எண்ணில் பகிர்வுதான் ஒரு படி முன்னால் நிற்கிறது. இருந்தும் நான் தவணையைத்தான் எடுத்தேன். காரணம் பராமரிப்பு.

கடை விற்பனைத் தகவல் ஒருமுறை குழாய் போட்டுவிட்டால் தானாக வரும் என்று நினைக்கக் கூடாது. ஒரு கடை பொருளின் குறியீட்டை மாற்றினால் பழைய பொருளின் விற்பனை செத்துப்போனது போலத் தெரியும். ஆறு பாட்டில் பெட்டி பன்னிரண்டு ஆனால் விற்பனை பாதியாகிவிட்டது போலத் தெரியும். ஒரு கடையின் கோப்பு வரத் தாமதமானால் அந்த வாரம் பூஜ்யம். இதையெல்லாம்விட மோசமானது, அலமாரியே காலியாக இருந்த நாட்கள். வாங்க ஆள் வந்து திரும்பிப் போயிருப்பார், பில்லில் விற்பனை இல்லை. அந்தப் பூஜ்யத்தைத் தேவை குறைந்ததாகப் படித்தால், சரக்கு அதிகம் வேண்டிய நேரத்தில் குறைத்து ஆர்டர் போடுவோம். இவற்றைத் தினமும் பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும். அதுவும் அடுத்தவர் கடையின் கணக்கை.

தவணை விதிக்குப் பராமரிக்க வேண்டியது ஒரே ஒரு பத்தி, அதுவும் என் நோட்டிலேயே இருப்பது: ஆர்டர் போட்டு இன்னும் வராத சரக்கு. ஆனால் அதில் துளியும் தப்பக் கூடாது. ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

போட்ட ஆர்டர் இரண்டு வாரம் கழித்து வரும், கையிருப்பு 100 இருக்க வேண்டும். வர வேண்டியதைப் பார்க்காமல் கையிருப்பை மட்டும் பார்த்து, விற்றதோடு குறைவையும் சேர்த்து ஆர்டர் போடுகிறோம். விற்பனை 110 ஆனதும் கையிருப்பு 90, ஆர்டர் 120. அடுத்த வாரம் அந்த 120 இன்னும் வழியில்தான் இருக்கிறது. கையிருப்பு 80, ஆர்டர் 130. ஏற்கனவே கேட்ட பத்தைத் திரும்பவும் கேட்டுவிட்டோம். அப்புறம் ஆர்டர்கள் 120, 100, 90, 100, மறுபடி 120, 130 என்று சுற்றும். விற்பனை அசையாமல் 110-லேயே நிற்கிறது, ஆர்டர் மட்டும் 90-க்கும் 130-க்கும் இடையில் ஆறு வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். தானாக அடங்கவே அடங்காது.

சங்கிலியில் ஆளுக்கொரு படியாக நின்று ஆர்டர் போட்டு எம்.ஐ.டி.யில் ஆடப்படும் ‘பீர் கேம்’ என்ற விளையாட்டின் முடிவுகளை ஆராய்ந்து ஜான் ஸ்டெர்மன் 1989-ல் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். ஆடுபவர்கள் வழியில் இருக்கும் சரக்குக்குப் போதிய மதிப்புக் கொடுப்பதில்லை. உங்கள் ஆர்டரில் இந்த நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஆர்டரின் ஏற்ற இறக்கத்தை விற்பனையின் ஏற்ற இறக்கத்தோடு ஒரே தாளில் வரையுங்கள். விற்பனை கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்க, ஆர்டர் சீரான இடைவெளியில் ஏறி இறங்கினால், ஆட்டம் வெளியிலிருந்து வரவில்லை.

தவணைக்கும் விலை உண்டு. முதல் வாரம் 330 இருக்க வேண்டிய இடத்தில் 310 வைத்துச் சமாளிக்கிறோம். தேவை நிஜமாகவே இரட்டிப்பானால் மூன்றில் ஒரு பங்கு என்பது மிக மெதுவான ஓட்டம். சில வாரம் சரக்கு இல்லாமல் போகும். புதிதாக இறங்கும் பொருள், பருவத்துக்கு விற்பது, பெரிய தள்ளுபடி என்றால் கடையின் கணக்கைப் பார்ப்பவர்தான் முந்துவார், அங்கே நான் வாதாட மாட்டேன். நான் கையாள்வது ஆண்டு முழுக்க ஒரே சீராகப் போகும், கெட்டுப்போகாத சரக்கு. சீக்கிரம் அழுகும் பொருளுக்கு மூன்றில் ஒன்று சரியான பங்கா, பாதியா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தட்டுப்பாட்டில் கூட்டிக் கேட்கும் பழக்கத்துக்கு இரண்டு மருந்துமே போதாது. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால் எல்லோரும் இரட்டிப்பாகக் கேட்பார்கள். அதற்குக் கைவைக்க வேண்டியவர் உற்பத்தியாளர்: இப்போது கேட்கும் அளவைப் பார்த்துப் பங்கு போடாமல், முன்பு வாங்கி விற்ற அளவைப் பார்த்துப் போட வேண்டும்.